ஆறாம் வரி

ஐந்து வரிகள் மையில் ஏறிவிட்டன. ஆறாவது மட்டும் தயாபரனின் பேனாவுக்கு இறங்க மறுத்தது. துண்டுத்தாளில் அதைப் பென்சிலால் எழுதியிருந்தார்: 'ஊன்றிப் படித்தே உயர்வாய் பெண்ணே.' வாசித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கவிதை அங்கே விழுந்துவிடுகிறது. ஏனென்று பிடிபடவில்லை.

இலக்கணத்தில் பிழையில்லை. வரிக்கு நான்கு சீர். இரண்டிரண்டு வரிகளுக்கு ஓர் எதுகை: 'கடலின்' என்றால் அடுத்து 'தடவி', 'யாதவி' என்றால் 'ஆதலால்'. 'மூன்று' என்ற ஐந்தாம் வரிக்கு 'ஊன்றி' கச்சிதம்.

அழித்தெழுத முடியாது. பேத்தி யாதவிக்குப் பரிசாக வாங்கிய, ஆழ்கடல் உயிர்கள் பற்றிய ஜெர்மன் புத்தகத்தின் முதல் வெற்றுத்தாள் வழுவழுப்பானது. மை மெதுவாகவே காயும். கடைசித்தாளின் மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்த பிறகே எழுதத் தொடங்கியிருந்தார். பென்சிற்கோடு ஆறு, கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம். வேறு பிரதியும் இல்லை. அவளுடைய பிறந்தநாள் இன்றைக்கு, சுவிஸ் தலைநகர் பேர்ணில்.

மகள் ஜெனனி அவரைக் கூட்டிப்போக, அவர் இருக்கும் துன் நகருக்கு வந்து, மேற்சட்டையும் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அப்பா, ரெயினுக்கு நேரமாகுது. இன்னும் முடியேல்லையோ?"

"கடைசி வரி நிக்குதில்லை, பிள்ளை."

"கெதியா எழுதுங்கோ. போன வருசப் புத்தகத்தில எழுதினது மாதிரி மட்டும் வேண்டாம்."

"அதுக்கென்ன?"

ஜெனனி தயங்கினாள். "யாதவி முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிச்சவள். 'அம்மா, அம்மப்பா ஏன் ஏசுறார்?' எண்டு மூடி வைச்சவள்தான். பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவேயில்லை."

தயாபரன் பென்சில் வரியை மறுபடி வாசித்தார். போன வருடம் ஆறு வரியும் படி, உழை, உயர் என்றுதான் எழுதியிருந்தார். இந்த முறையும் மூடிவிட்டால் அடுத்த புத்தகத்தை அவள் கையிலேயே வாங்கமாட்டாள்.

"இதென்ன கவிதையோ, பள்ளிக்கூட ரிப்போர்ட்டோ?" பென்சில் வரியைப் பார்த்து ஜெனனி சிரித்தாள். "அப்பா, ரெயின்!"

அவர் புத்தகத்தை விரித்துப் பக்கங்களைத் தள்ளினார். மை காயாத முதல்தாள் எதிலும் ஒட்டாமல் ஜெனனி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஆக்டோபஸ் படம் வந்தது. மூன்று இதயங்களும் சிவப்பில். பக்க எண்ணைப் பார்த்தார். விரலால் சீர்களை எண்ணினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறாம் கோட்டில் எழுதினார்.

கடலின் அடியில் கதவொன்று இருக்கும்;
தடவிப் பார்த்தால் தானே திறக்கும்.
யாதவி, உனக்கு வயதோ ஒன்பது;
ஆதலால் அங்கே போய்வர அனுமதி!
மூன்று இதயம் முழங்கும் உயிருண்டு;
தோன்றிடும் முப்பத்து மூன்றாம் பக்கம்.

"இதில புத்திமதி ஒண்டும் இல்லையே, அப்பா?"

"இல்லை. முதல் பக்கத்துக் கவிதை அங்கேயே முடியக்கூடாது, பிள்ளை. கடைசி வரி புத்தகத்துக்கு உள்ளே ஒரு பக்கத்தைக் காட்டவேணும். அப்பதான் அவள் தாளைத் திருப்புவாள்."