சிவப்புக் குவியலில் ஒரு பளபளப்பு

என் வாயைப் பற்றி எங்கள் கோடவுனில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள். தாம்பரம் பக்கத்து கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைப் பிரிக்கிற மேஜைகளுக்கு நான்தான் பொறுப்பு. ஒரே நிறக் காட்டன் நூல் மில்லுக்கு, பாலியஸ்டர் தலையணைக்குள் அடைக்க, கலர் கலந்த பனியன் துணி மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்க. சிவப்புக் காட்டனில் பாலியஸ்டர் கலந்தால் மில்காரன் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவான். நான் கத்தாமல் பின்னே கொஞ்சவா முடியும்?

அன்று லோடு ஆட்டோ ஓட்டும் தயாளன் தன் அம்மாவைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தான். கட்டினால் அவனைத்தான் என்று நான் எப்போதோ முடிவு செய்தாயிற்று. கானாத்தூரில் மீன் விற்கும் அந்த அம்மா சரி என்றால்தான் கல்யாணம். காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

குனிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை மட்டும் தெரிந்தது. சிவப்புக் குவியலில் பளபளவென்று ஒரு துண்டைப் போட்டது.

"யாரு அது? கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பாலியஸ்டரைக் கொண்டாந்து காட்டன்ல போட்டுகினு."

நிமிர்ந்தால், தயாளனின் அம்மா கங்கையம்மாள். சும்மா உட்கார முடியாமல் துண்டு பொறுக்க ஆரம்பித்திருக்கிறார். தயாளன் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான், படுபாவி.

"இது காட்டன்தான்," என்றார் கங்கையம்மாள்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "இல்லம்மா. வாங்க, கொளுத்திக் காட்டறேன்."

கோடவுனுக்குள் நெருப்பு ஆகாது. வாசலில், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நின்று, துண்டிலிருந்து உருவிய நூலில் லைட்டரைக் காட்டினேன். சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. காட்டனென்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகியிருக்கும் என்றேன். பின்னால் துண்டு பிரிக்கிற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

கங்கையம்மாள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து நீட்டினார்.

"உனக்குன்னு எடுத்தது. சுத்தப் பட்டுன்னான் கடைக்காரன். இதையும் கொளுத்து."

தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. பட்டு இல்லை.

"வேணாம்மா, நல்ல புடவை. அப்படியே கட்டிக்கறேன்."

"கொளுத்துன்னேன்."

முந்தானையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பட்டென்றால் முடி பொசுங்குகிற நாற்றம் வரவேண்டும். வரவில்லை. அதே கறுப்பு மணி.

அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் தோளும் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று கிட்டே போனால், அந்த அம்மா சிரிக்கிறார்! மூச்சு முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன்.

"டேய் தயாளா, வண்டிய எடு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "குரோம்பேட்டை போறோம். நீயும் ஏறும்மா. என்னைப் பேசினியே, அதுல பாதி அந்தக் கடைக்காரனைப் பேசு, போதும். கல்யாணத் தேதிய போற வழியில பேசிக்கலாம்."