கடைசி வரியில் ஒரு திருத்தம்

பதிப்பகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். விட்டுப்போன க், ச், த், ப் எந்த வரியில் ஒளிந்திருந்தாலும் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவாள் என்பதால் வடிவமைப்பாளர் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அது ஒரு பட்டம் மாதிரிதான் இருந்தது.

அந்த நாவல் வந்தபோது பதிப்பாளர் அதைக் கட்டோடு அவள் மேஜையில் வைத்து, எழுதியது ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ், முதல் புத்தகம், பிழை மலிந்து கிடக்கிறது, ஆனால் கதை ஆளை விடாது என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரே வீட்டில் பதினான்கு வருடம். மாமியார் ஓர் ஊர்ப் பேச்சு, வேறு ஊரிலிருந்து வந்த மருமகள் வேறு பேச்சு. மாமியார் 'வாரேன்' என்பாள், மருமகள் 'வர்றேன்' என்பாள். மாமியாருக்கு 'சொல்லுதேன்', மருமகளுக்கு 'சொல்றேன்'. "அது என்னட்டி வர்றேன், தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி" என்று மாமியார் கேலி செய்யும் இடத்தில் ஒற்றக்கா தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

வேலை லேசானதல்ல. கதை சொல்லும் நடையில் 'மறைந்தது' என்று இருக்க வேண்டியது 'மரைந்தது' என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருத்திவிடலாம். மாமியார் 'பளம்' என்றால் அது பிழையல்ல, அவள் நாக்கு. அதே 'பளம்' நடையில் வந்தால் பிழை. மருமகள் வாயில் வந்தால்? அதுதான் கஷ்டம். ஆச்சரியக்குறிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன, கொத்துக்கு ஒன்றை விட்டு மீதியைப் பறித்தாள். 'அத்தை' என்று விளித்த இடத்திலெல்லாம் கால்புள்ளி போட்டாள். பேச்சுக்குள் மட்டும் ஒற்றுப் போடவில்லை. "அத பாத்தியா" என்று ஒருத்தி கேட்டால் அதில் 'ப்' வைத்துக் கொடுக்க இது பள்ளிக்கூடக் கட்டுரை இல்லையே. கைக்கு வந்த ஒற்றைப் போடாமல் விடுவது அவளுக்குப் பெரிய நோன்பாக இருந்தது.

குழப்பம் வராமல் இருக்க ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் மருமகள் என்று எழுதி, யார் எதை எப்படிச் சொல்கிறாள் என்று பட்டியல் போட்டாள். பட்டியல் போட்டபிறகுதான் தெரிந்தது, நர்ஸே ஐந்து இடங்களில் மாற்றி எழுதியிருந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில், கல்யாணமாகி நாலாம் நாளே, மருமகள் 'சொல்லுதேன்' என்கிறாள். ஒற்றக்கா முப்பத்துநாலு சந்தேகங்களை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினாள். நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கடைசியில் போனிலும் பேசினாள். அந்த ஐந்தும் தன் கவனக்குறைவு என்றாள். மருமகள் வாயில் மாமியார் பேச்சு வந்துவிடக் கூடாது, நீங்கதான் பார்த்துக்கணும் அக்கா என்றாள்.

ஒற்றக்கா பார்த்துக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

கடைசிப் பக்கத்தில் மாமியார் இறந்துபோயிருக்கிறாள். வீட்டைக் காலி செய்துவிட்டு மருமகள் கிளம்புகிறாள். கதவைச் சாத்துமுன் வெறும் கூடத்தைப் பார்த்து, "சரி அத்தை, வாரேன்" என்கிறாள். அதோடு நாவல் முடிகிறது.

ஒற்றக்காவின் பென்சில் அந்த இடத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ஒரு மூச்சு இருக்கலாம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் போதும். ஆனால் ஏற்கெனவே கேட்டது முப்பத்துநாலு, மறுபடியும் ஒன்றா என்று இருந்தது. மேஜைக்கு எதிரே வடிவமைப்பாளர் கட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். பட்டியலில் வலப்பக்கம் 'வர்றேன்' என்று தெளிவாக இருந்தது. ஆறாவது கவனக்குறைவு என்று முடிவு செய்து, அடித்து, மேலே 'வர்றேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இறுதி மெய்ப்பு நர்ஸுக்குப் போனது. அவளுக்கு அந்த வாரம் ஓயாத வேலை. முதல் மூன்று அத்தியாயம் பார்த்தேன், நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி அக்கா, அச்சுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

நூலகத்தின் மாடி அறையில் வெளியீடு நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். நர்ஸ் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். "சரி அத்தை, வாரேன்" என்று மனதிலிருந்தபடியே சொல்லி நிமிர்ந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே படித்த ஒருவர் பக்கத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். நர்ஸும் குனிந்தாள். அந்த வரியின்மேல் அவள் விரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதை ஒற்றக்கா பின்வரிசையிலிருந்து பார்த்தாள்.

கூட்டம் கலைந்தபோது நர்ஸ் நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரியில நானே தப்பா எழுதிட்டேன் போலருக்கு அக்கா. அவ்வளவு பார்த்தீங்க நீங்க. என் கை செஞ்ச வேலை."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததும் ஒற்றக்காவுக்கு வந்தது வேறு சொல்.

"பரவாயில்ல விடும்மா."

மன்னிப்பது போல அதைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'விடும்மா' அவள் கூடவே வந்தது. தப்பு செய்தவள் இவள். பழியைச் சுமந்தவள் அவள். சுமந்தவளுக்கு இவள் ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துவிட்டாள். உடம்பு சரியில்லையா என்று கணவர் கேட்டதற்கு, புழுக்கம் என்றாள். மறுநாள் வேறொரு மெய்ப்புக் கட்டில் 'வருகிறேன்' என்று எழுதியிருந்ததைக்கூட இரண்டு தடவை தாண்டிப் போய், திரும்பி வந்துதான் படித்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. பதிப்பாளர் அதை ஊர்வலம் மாதிரி அறை அறையாகக் கொண்டுவந்து காட்டினார். விமர்சகர் கடைசி வரியைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தார். பதினான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் கரைந்தவள், தன் சொந்தப் பேச்சோடுதான் வெளியேறுகிறாள். மாமியாரின் மொழி அவளைக் கடைசிவரை தொடவில்லை. இதைவிட மௌனமான விடுதலை அறிவிப்பு உண்டா என்று கேட்டிருந்தார்.

ஒற்றக்கா அலமாரியைத் திறந்து பழைய மெய்ப்புக் கட்டை எடுத்தாள். கடைசித் தாளில் அவள் பென்சில் அடித்த கோடு அப்படியே இருந்தது. அதைப் பதிப்பாளர் முன் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார்.

"எழுதினவங்களே தன் தப்புன்னு நினைச்சிட்டிருக்காங்க. ஊர் பாராட்டுது. நீங்க ஏங்க கிளறுறீங்க?"

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்ஸுக்கு இடைவேளை இருபது நிமிடம். மருந்து அறையை ஒட்டி இரண்டு நாற்காலி போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒற்றக்கா சுற்றி வளைக்காமல் தாளை விரித்துக் காட்டினாள். நர்ஸ் வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது போலிருந்தது, தன் கை எழுதவில்லை என்று. அது முகத்தில் வந்த வேகத்திலேயே போயிற்று.

"இத அடிக்கும்போது உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

பொய் சொல்ல அந்த இடத்தில் வசதியாகத்தான் இருந்தது. பட்டியலைக் காட்டியிருக்கலாம். நீதானே பார்த்துக்கச் சொன்னாய் என்றிருக்கலாம். இரண்டுமே நியாயமாகத்தான் கேட்டிருக்கும்.

"வந்துச்சு. கேக்கல."

நர்ஸ் தலையை ஆட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அது எங்க அத்தைங்க. அவங்க இருந்தவரைக்கும் அவங்க பேச்சு என் வாயில நுழையல. வீட்டப் பூட்டுன அன்னிக்குத் தானா வந்துச்சு. அதுக்காகத்தான் இவ்வளவு பக்கமும் எழுதுனேன்."

ஒற்றக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த இடத்தில் அழுதால் நர்ஸையே சமாதானம் சொல்ல வைத்ததாகும் என்று அடக்கிக்கொண்டாள். பிழைத்திருத்தச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் வைத்துவிடலாம் என்றாள். நர்ஸ் வேண்டாம் என்றாள். முதல் பக்கத்தைத் திறந்ததும் சீட்டோடு கடைசிச் சொல்லும் கீழே விழுந்தால் கதை என்னத்துக்கு என்று கேட்டாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள்.

"தப்பு யாருக்கும் வரும். அன்னிக்குப் பரவாயில்லன்னு சொன்னீங்களே, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல மேடம்."

அக்கா போய் மேடம் வந்ததை ஒற்றக்கா கவனிக்காமல் இல்லை. பெயரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியது போல இருந்தது.

கிடங்கில் முந்நூற்றுப் பதினொரு பிரதிகள் மிச்சம் இருந்தன. பதிப்பாளரிடம் அனுமதி கேட்டாள் என்பதைவிட, செய்யப்போகிறேன் என்று தெரிவித்தாள். அவர் முணுமுணுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நாலு மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாகக் கடைசிப் பக்கம் திருப்பி, மெல்லிய கறுப்புப் பேனாவால் 'வர்றேன்' என்பதை அடித்து 'வாரேன்' என்று எழுதினாள். இரண்டாம் நாள் வடிவமைப்பாளர் வந்து, அடுத்த அச்சுக்கான கோப்பில் தான் மாற்றிவிட்டதாகவும், நர்ஸ் இந்தத் தடவை முழு மெய்ப்பையும் வரிவரியாகத் தானே பார்ப்பதாகச் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தான். நல்லது என்றாள். மனதில் நல்லதாக இல்லை.

நடந்ததைச் சொல்லி விமர்சகருக்கும் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. அவர் நிலையில் தான் இருந்தாலும் என்ன எழுத முடியும் என்றுதான் நினைத்தாள்.

வெளியே போய்விட்ட பிரதிகளை என்ன செய்வது? வேறு வேலையாக நூலகத்துக்குப் போன ஒருநாள், அலமாரியில் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 'வர்றேன்' என்ற சொல்லுக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். சிறிய, கவனமான கையெழுத்து. பையில் பேனா இருந்தது. கையை உள்ளே விட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நூலகர் தலையைத் தூக்கி, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, ஒரு பிழை" என்றாள்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதே என்றார் அவர். தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்த 'அருமை'யை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, திருத்தாமலே புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள்.