கதவுக்கு வெளியே நின்றவன்

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த நாளில் மாடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடியில் விளையாடும் பிள்ளைகள் இருவரும் விழுந்தடித்து ஓடி வருவார்கள். அவள் பிள்ளைகள் மட்டுமா, மற்றவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து ஓடி வரும். 'எக்ஸ்சேஞ்ச் அம்மா' என்றுதான் அக்கம்பக்கத்தில் பெயர்.

பக்கவாதத்தில் அவளுக்கு இடப்பக்கம் விழுந்தது. நினைவுக்கும் பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரல் மட்டும் நூலாக இளைத்துவிட்டது.

மகள் வேறு ஊரில், ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்தாள். மனைவி பிரிந்துபோன மகன் அம்மாவோடு இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து, குளிப்பாட்டி, சோறூட்டி, எல்லாம் அவன்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மகளும் அப்படித்தான் நினைத்தாள். தன்னால் முடியாததைத் தம்பி செய்கிறானே என்று உள்ளுக்குள் கூசினாள்.

சில மாதங்கள் கழித்து, "கொஞ்ச நாள் நான் வச்சுக்கறேன்டா" என்று அவள் கேட்டபோது அவன் தடுக்கவில்லை. பையைக்கூட அவனே தூக்கி வந்து காரில் வைத்தான்.

ஒரு சாயங்காலம் மகள் வேலையிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே அம்மா அறையிலிருந்து கூப்பிட்டாள். நாளெல்லாம் நின்று கால் கடுத்திருந்தது. மகள் அறை வாசல் வரை வந்தாள். உள்ளே போகவில்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று சாத்திய கதவில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிடும் குரல் சட்டென்று நின்றது.

"போட்டுடறேன்" என்றாள் அம்மா. "எங்க போடணும்னு காட்டு. போட்டுடறேன்."

மகள் கதவைத் திறந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதம்மா போடணும்?"

"நீயா? அவன்னு நெனச்சுட்டேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. வீட்டை முழுதும் மகனுக்கே தானமாக எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பதிவு நடந்திருந்தது.

"மிரட்டினானாம்மா?"

"இல்ல."

"அடிச்சானா?"

"சே, கை ஓங்கினதே இல்ல. ஒருநாள் பேப்பரக் கொண்டு வந்தான். அப்புறம் பாக்கலாம்டான்னேன். சரிம்மான்னு போயிட்டான். அதுக்கப்புறம் கூப்பிட்டா வரல."

"வீட்டுல இல்லையோ என்னமோ."

"இருந்தான். கதவுக்கு அடியில ரெண்டு கால் நிழல் தெரியும். தண்ணிக்குக் கூப்பிட்டாலும் சரி, பாத்ரூமுக்குக் கூப்பிட்டாலும் சரி, அசையாம நிக்கும். படுக்கை நனைஞ்சப்புறம்தான் வருவான். முகம் சுளிக்காம துடைச்சு மாத்தி விடுவான். கூப்பிட்டிருக்கலாமேம்மான்னு சொல்வான்."

தானும் இப்போதுதான் அதே மாதிரி நின்றதை மகள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட மகள் ஒரு வக்கீலைப் பிடித்தாள், நடுவயதுப் பெண்மணி. வீட்டுக்கே வந்தார். வந்ததும் மகளைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்க வாசலுக்குப் போங்க. உங்க அம்மாகிட்ட நான் தனியாப் பேசணும்."

"நான் இருந்தா என்ன மேடம்?"

"மக மிரட்டித்தான் கேஸ் போட வச்சான்னு நாளைக்கு அவங்க வக்கீல் சொல்வார். இது உங்க கேஸ் இல்ல, அவங்க கேஸ்."

வெகுநேரம் கழித்து வக்கீல் வெளியே வந்தார். வழக்குத் தாளில் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்ததாம். பேனாவைக் கண்டதும் அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாளாம். "வேணாம்னா போட வேணாம், நான் எழுந்து போயிடறேன்னு சொன்னேன். நிஜமாவே எழுந்தேன். அப்புறம்தான் பேனாவக் கேட்டாங்க."

வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டது. அம்மாவால் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதனால் வீட்டிலேயே சாட்சியத்தைப் பதிவு செய்துகொள்ள ஒரு ஆணையரை அனுப்பினார்கள். அவரும் ஒரு வக்கீல்தான். கட்டிலருகே மேஜை போட்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் எதிரெதிரே. மகன் சுவரோரம் ஒரு நாற்காலியில் குனிந்த தலையோடு இருந்தான். இளைத்திருந்தான்.

அவனுடைய வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க மகன் உங்கள நல்லாத்தானே பாத்துக்கிட்டார்?"

"நல்லாத்தான் துடைப்பான்."

"பதிவு பண்ண வந்த அதிகாரி, இஷ்டப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறீங்களான்னு கேட்டாரா இல்லையா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"அவர் அரசாங்க அதிகாரி. அவர்கிட்ட உண்மையச் சொல்றதுல என்ன பயம்?"

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர் கொஞ்ச நேரத்துல கெளம்பிப் போயிடுவார். இவன் இருப்பானே."

ஆணையர் அதை அப்படியே பதிவு செய்தார். மகன் தலை நிமிரவேயில்லை.

பத்திரம் எழுதியவரும் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அம்மாவைத் தான் நேரில் பார்த்ததே இல்லை என்றும், விவரமெல்லாம் மகன்தான் சொன்னான் என்றும் ஒப்புக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் மகனுடைய நண்பர்கள். பத்திரத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவனும் மகனே.

நீதிபதி தீர்ப்பில் சொன்னது இதுதான். அம்மா எல்லாவற்றுக்கும் மகனையே நம்பிக் கிடந்தாள். தன்னிடம் இருந்த ஒரே வீட்டைத் தனக்கென்று வசிக்கும் உரிமைகூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்திருக்கிறாள். வெளியாள் ஒருவரிடமும் அவள் யோசனை கேட்க வழியில்லை. அப்படியிருக்க, அவள் மனமொப்பித்தான் கொடுத்தாள் என்று நிரூபிக்க வேண்டியது மகனுடைய பொறுப்பு. அவன் நிரூபிக்கவில்லை. பத்திரம் செல்லாது. தீர்ப்பின் நகல் பதிவு அலுவலகத்துக்குப் போய், அங்கேயும் ரத்து என்று குறிக்கப்பட்டது.

மகன் மேல்முறையீடு செய்யவில்லை. சாவியை வக்கீல் மூலம் கொடுத்தனுப்பினான்.

"வீட்டுக்குப் போலாமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அங்க எதுக்கு?" என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிற்காலத்தில் தகராறு வராமல் இருக்க உயில் எழுதச் சொல்லி வக்கீல் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அம்மா அசையவில்லை. "கேஸுக்காகப் போட்டதுதான் கடைசி. இனிமே நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்." சொன்னபடியே எதிலும் போடாமல் போய்ச் சேர்ந்தாள்.

உயில் இல்லாததால் வீடு இருவருக்கும் சரிபாதி. விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. சாமான்களை ஒழிக்க அக்காவும் தம்பியும் அங்கே சந்தித்தார்கள். சமையலறை, கூடம், மாடி என்று பேச்சில்லாமல் ஒழித்தார்கள். அம்மாவின் அறையை அவள் மட்டும் ஒழித்தாள். அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

கிளம்பும்போது அவன்தான் வாயைத் திறந்தான்.

"வீட்டுக்காகத்தான் நின்னேன்னு எல்லாரும் நெனக்கறீங்க. பேப்பருக்காக நின்னது உண்டுக்கா, இல்லங்கல. ஆனா அதுக்கு முன்னாடியே நின்னிருக்கேன். உள்ள போகணும்னுதான் வருவேன். கால் வராது. அவங்க கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. கேட்டுக்கிட்டே நிப்பேன்."

"இத ஏன்டா கோர்ட்ல சொல்லல?"

"சொன்னா?"

எனக்கும் ஒருநாள் கால் வரவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவனை மன்னித்ததாகிவிடும் என்று பயந்தாள். சொல்லாமல் விட்டதும் பொய்தானே என்று பூட்டைப் பூட்டும்போது தோன்றியது.

அவள் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. பேருந்து கிளம்பும்வரை அவன் அதில் உட்காராமல் நின்றான். அவளும் உட்காரச் சொல்லவில்லை.