எட்டு மீட்டர் கேபிள்

திரை மறுபடி கறுத்தது. இரண்டு விநாடி கழித்துக் கேமின் காரும் பாதையும் வந்தன. பிறகு மீண்டும் கறுப்பு.

"இதுக்குத்தானோ இவ்வளவு பெரிய டிவி வாங்கினது?" என்றார் குகநேசன் சார்.

வட்டவளைக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றியிருந்தார்கள். அவர் அதன் மேலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஹட்டனில் ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். விஞ்ஞானப் பட்டதாரி என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதனால் இப்படியான இடங்களுக்கு என்னைத்தான் அனுப்புவார்.

கேம் கொன்சோல் பின்சுவர் அலுமாரிக்குள் இருந்தது. டிவி எதிர்ச்சுவரில். இடையே எட்டு மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள், சீலிங் பலகைக்கு மேலால் போனது. கேபிளைத் தெரிந்தெடுத்தது நான். இழுத்தது மாயாண்டி மாமா. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாலாவது காம்பரா வீட்டுக்காரர், வயரிங் வேலை செய்பவர். இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இது சரியாக முடிந்தால் மற்ற ஐந்து அறைகளின் வேலையும் அவருக்கென்று சார் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமை கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம். நாலு கேயில நூற்றிருபது ஃபிரேம் ஓடுமெண்டு சொல்லித்தான் அறையைக் குடுத்தது" என்றார் சார்.

நான் கொன்சோலை விநாடிக்கு நூற்றிருபது ஃபிரேமிலிருந்து அறுபதுக்குக் குறைத்தேன். படம் கறுக்காமல் ஓடியது. மறுபடி நூற்றிருபது. கறுப்பு.

டிவியின் நான்கு துளைகளில் இரண்டுதான் நூற்றிருபதை ஏற்கும். கேபிள் அவற்றில் ஒன்றில்தான் இருந்தது. அந்தத் துளைக்கான செட்டிங்கும் போட்டிருந்தது. கொன்சோலைத் தூக்கி வந்து டிவிக்குக் கீழே வைத்து, அதனோடு வந்த குட்டைக் கேபிளால் இணைத்தேன். கார் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐந்து நிமிடம் பார்த்தோம். ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை.

"அப்ப டிவியும் சரி, கேம் பெட்டியும் சரி. பிழை கேபிளில. புதுக் கேபிள் தானே, பிள்ளை?"

"புதுசு சார். அதுலயே 2.1, 8கேன்னு போட்டிருக்கு."

"அப்ப?"

சாரும் மாமாவும் என்னைப் பார்த்தார்கள். யாராவது என்னை உற்றுப் பார்த்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும், மற்ற நேரத்தில் திறக்கவே திறக்காத வாய்.

"உள்ளுக்கு எங்கயாவது மடங்கியிருக்கும்" என்றேன்.

மாயாண்டி மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் மடிக்கல, புள்ள. வளையமா தோள்ல போட்டுத்தான் கொண்டு போனேன். நீ சொன்ன மாதிரியே மூலைல அகலமாத்தான் திருப்பினேன்."

"ஆணி கீணி அடிச்சிருப்பீர்" என்றார் சார்.

"இல்லீங்க சார்."

"கழட்டிப் பாரும்."

மாமா தன் பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "கேபிள் பெட்டி, புள்ள. கேரண்டி கேட்டா வேணும்னு பத்திரமா வச்சிருந்தேன்."

அவர் ஏணியில் ஏறினார். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னால் பெரிதாக 2.1. பக்கத்தில் 8கே. மின்னல் படம். ஆனால் அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று லேபிள், போனைக் காட்டி ஸ்கேன் பண்ணும் அந்தச் சதுரம், எந்தப் பக்கத்திலும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் பதினெட்டு கிகாபிட் என்றிருந்தது.

இது எனக்குத் தெரிந்த விஷயம். 2.1 என்பது டிவிக்கும் கொன்சோலுக்கும் உரிய எண். கேபிளுக்கு எண் இல்லை, தரம்தான் உண்டு. விநாடிக்குப் பதினெட்டு கிகாபிட் கொண்டுபோகும் கேபிளில் நாலு கே அறுபது ஃபிரேம் போகும். நூற்றிருபதுக்கு அது போதாது. நாற்பத்தெட்டு கிகாபிட்டுக்குச் சோதித்த அல்ட்ரா ஹை ஸ்பீட் வேண்டும். செம்புக் கம்பி எட்டு மீட்டர் போனால் அந்த வேகம் வழியிலேயே தேய்ந்துவிடும். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்வேன். கேபிள் எடுத்த அன்று கடை அலுமாரியில் எட்டு மீட்டரில் இது ஒன்றுதான் இருந்தது. பெரிய எண்ணைப் பார்த்தேன், எடுத்தேன். டிவி அப்போது வந்திருக்கவில்லை. அதனால் தரையில் விரித்துச் சோதிக்காமலே மேலே ஏற்றச் சொன்னேன்.

சொல்லியிருக்கலாம். முதல் பலகையின் ஆணி அப்போதுதான் கழன்றுகொண்டிருந்தது.

பெட்டியை மடித்து என் பையில் வைத்தேன்.

பதினொரு பலகைகள். போன வாரம்தான் மாமாவே வார்னிஷ் பூசியவை. ஒவ்வொன்றையும் கீறல் விழாமல் இறக்கி, சுவரோரம் துணி விரித்து அடுக்கினார். தலைமயிரெல்லாம் தூசி. சார் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மாமா இறக்கும் பலகைகளை நான் கீழே நின்று பிடித்தேன். அவர் ஒவ்வொரு முறையும் "பாத்து, புள்ள, கையில மரச் சிலாம்பு ஏறிரும்" என்றார்.

கேபிளை எடுத்து அலுமாரியிலிருந்து டிவி வரை தரையில் நேராக விரித்தார். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார். மடிப்பு இல்லை. ஆணித் துளை இல்லை.

"போட்டுப் பாரு, புள்ள."

கொன்சோலைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் போட்டேன். கறுப்பு.

"வெளியில தெரியாமல் உள்ளுக்க முறிஞ்சிருக்கும். இழுத்த இழுவையில. மற்ற அறையளுக்கு வேற ஆளைத்தான் பாக்க வேணும்" என்றார் சார்.

மாமா தூசியைத் தட்டவில்லை. "இருக்கலாம் சார். எனக்குத் தெரியாமக்கூட ஆகியிருக்கலாம்" என்றார்.

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பையைத் திறந்தேன். மடித்த பெட்டி சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

"சார், கேபிள் முறியல. கேபிளே பிழை. நான்தான் பிழையான கேபிளக் குடுத்தேன்." பெட்டியின் சின்ன எழுத்தைக் காட்டினேன். "இதால அறுபதுதான் ஓடும். மாமா மேல ஒண்ணும் இல்ல."

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். "நீர் டிகிரி முடிச்சனீர் எண்டல்லோ உம்மட முதலாளி சொன்னவர்?"

"ஓம், சார்."

"இதை வாசிக்க டிகிரி வேணுமோ?"

நான் தரையைப் பார்த்தேன். கேபிள் நேராகக் கிடந்தது. சார் கடைக்குப் போன் எடுக்க வெளியே போனார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார் மாமா.

பொய் ஒன்று நாக்கு வரை வந்தது. "பெட்டியக் குடுத்தீங்கல்ல, அப்ப."

அவர் சுவரோரப் பலகைகளைப் பார்த்தார். எண்ணுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஏணியை மடக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கேபிளோடு போனேன். உள்ளே செம்புக்குப் பதிலாக ஒளியிழை. லேபிள் இருந்தது. கடையிலேயே ஸ்கேன் பண்ணி, எட்டு மீட்டர் என்று வந்ததையும் பார்த்திருந்தேன். இந்த வகைக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனை கொன்சோலுக்கு, மறுமுனை டிவிக்கு. மாற்றிப் போட்டால் படமே வராது.

மாமா எனக்கு முன்னமே வந்திருந்தார். கேபிளைத் தரையில் விரித்தார், ஆனால் இணைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் முனைகளை வாசித்து இணைத்தேன். நூற்றிருபது. கார் ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டோம், கறுக்கவில்லை. சார் தலையாட்டிவிட்டு, மற்ற அறைகளின் சாவிகளை மாமாவிடம் கொடுத்தார்.

"சந்தோசம் மாமா" என்றேன்.

அவர் ஏணியில் ஏறி, கையை நீட்டினார்.

"டிவிப் பக்க முனை எதுன்னு சார் முன்னுக்கே சொல்லிருங்க, மிஸ்" என்றார். "அப்புறமா ஏத்துறேன்."

லயத்தில் யாரும் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை. நான் முனையைத் தூக்கி சாருக்குக் காட்டினேன். எழுத்தைச் சத்தமாக வாசித்தேன். பிறகு மாமா கையில் கொடுத்தேன்.