போட்டோவுக்குப் பக்கத்தில் ஆறு வரி

என் வலது கையில் மூன்று விரல் போனதற்கு நான்தான் காரணம் என்று என் இடது கையாலேயே எழுதித் தரச் சொன்னார்கள். அதுவும் எனக்கு நானே எழுதும் கடிதமாக. கோபம் வராமல் வேறென்ன வரும்?

மருத்துவமனையின் கைப்பயிற்சி அறையில் ஒரு வழக்கம் உண்டு. இழந்த வேலை ஒன்றை முதல் தடவையாக நாமே செய்துவிட்ட நாளில், பயிற்சி கொடுக்கும் அக்கா ஒரு போட்டோ எடுப்பார். அதைக் கெட்டி அட்டையின் இடப்பக்கம் ஒட்டி, வலப்பக்கம் அகல அகலமாக ஆறு கோடு போட்டுத் தருவார். புதிதாகப் பழகும் கை அதற்கு மேல் தாங்காது. அந்தக் கோடுகளில், ஒரு வருடம் கழித்து வரப்போகும் நமக்கு நாமே எழுத வேண்டும். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அடுத்த வருடம் வந்து அதில் பதில் எழுத வேண்டியவர்களும் நாம்தான். அதுவரை அட்டை சுவரில் தொங்கும்.

நான் சாதித்தது, இடது கையால் கோணாமல் ஒரு வாக்கியம் எழுதியது. போட்டோவில் பேனாவோடு ஈயென்று இளித்துக்கொண்டிருக்கிறேன். "இன்று இடது கையால் எழுதினேன். மனம் தளராதே. உழைத்தால் உயர்வு" என்று பென்சிலில் எழுதிக் காட்டினேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"எழுதினதுதான் போட்டோவுலயே தெரியுதே. அதுல தெரியாதத எழுதுங்க. அன்னிக்கு எங்க வலிச்சுது, என்ன பயந்தீங்க, ரூம்ல யார் இருந்தாங்க. அறிவுரை எதுக்கு? அடுத்த வருஷம் வர்றவருக்கு உங்களவிட ஒரு வருஷம் அதிகமா தெரியும். அவர்கிட்ட கேள்வி கேளுங்க. அவர் மட்டும் பதில் சொல்ற மாதிரி ஒண்ணு."

சுவரில் ஒரு தையல்காரம்மாவின் அட்டையைக் காட்டினார். 'ஊசியில் நூல் கோத்துவிட்டேன். அதற்கு முன் மூன்று தடவை அழுதேன், போட்டோவில் தெரியாது. ஜாக்கெட் தைக்கிறாயா, இல்லை கொக்கி மட்டும்தானா?' அவ்வளவுதான். சரி, நாமும் ஒழுங்காக எழுதுவோம் என்று புதுத் தாளை எடுத்தபோதுதான் எங்கள் அச்சக மேனேஜர் உள்ளே வந்தார். பின்னால் என் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஒரே வயது, ஒரே அச்சகம். அவன் சூப்பர்வைசர், நான் காகிதம் வெட்டும் மெஷினில். மேனேஜர் என் தோளைத் தட்டினார். அந்த ஆளுக்குத் தோளைத் தட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"உன்ன மாதிரி ஆளுங்களப் பத்தி நாலு பேருக்குத் தெரியணும்ப்பா. இந்த அட்டைய நம்ம கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்துல போடறோம். நீ கஷ்டப்பட வேணாம், டைப் அடிச்சே கொண்டு வந்திருக்கேன். பாத்து எழுதினா போதும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். 'அன்புள்ள எதிர்கால நானே! ஒரு நொடி என் கவனக்குறைவால் விரல்களை இழந்தேன். ஆனால் தன்னம்பிக்கையை இழக்கவில்லை. தோள் கொடுத்த நிர்வாகத்தை என்றும் மறவாதே.'

என் பெண்டாட்டியைக்கூட நான் 'அன்புள்ள' என்று கூப்பிட்டதில்லை.

மச்சான் குனிந்து காதில் சொன்னான். "எழுதிடு மாப்ள. ஸ்டோர்ஸ்ல உனக்கு இடம் போட்டுட்டாங்க. உக்காந்த வேல. அடுத்த வாரம் லேபர் ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு ஆள் வருது, அதுக்குள்ள சுமுகமா முடிச்சுக்கலாம்."

ஆக, விஷயம் அதுதான். காயம்பட்டவனே தன் கைப்பட எழுதி, பக்கத்தில் சிரித்துக்கொண்டும் இருந்தால் விசாரிக்க வருபவர் எதை விசாரிப்பார்? பல்லைக் கடித்தேன். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்று விரல் இல்லாதவனுக்கு வெளியில் யார் வேலை தரப்போகிறார்கள்? வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

"முதல்ல பென்சில்ல" என்றார் அக்கா. "யாரா இருந்தாலும் இங்க அதான் முறை. ஆறு வரில அடங்குதான்னு பாக்கணும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

எழுத ஆரம்பித்தேன். இடது கை ஒவ்வோர் எழுத்தையும் தூக்கித் தூக்கித்தான் வைக்கும். வலது கையாக இருந்திருந்தால் எதை எழுதுகிறோம் என்று பார்க்காமலே கிறுக்கித் தள்ளியிருப்பேன். இது அப்படி விடவில்லை. 'ஒரு நொடி' வரை வந்தேன். 'என்' எழுதினேன். 'க' எழுதினேன். 'வ' எழுதினேன். 'ன' எழுதும்போது கை நின்றுவிட்டது.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான், இரண்டு ஓரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் கை எப்படிப் போகும்? அதற்காகத்தான் இரண்டு. அவசர ஆர்டர் என்று வலப்பக்கப் பொத்தானில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகி, அழுந்தினபடியே நிற்க வைத்தவன் மச்சான். "ஒரு கையால காகிதத்த தட்டி அடுக்கு, ஒரு கையால அழுத்து, சட்டுனு முடியும்" என்றான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். இதில் என் கவனம் எங்கே குறைந்தது?

இன்னொன்றும் உறைத்தது. இதற்கு அடுத்த வருடம் நான் வந்து பதில் எழுத வேண்டும். என்னவென்று? 'ஆமாம், என் தப்புதான்' என்றா? எழுதினாலும் எழுதுவேன். வருடம் முழுக்க என் கையெழுத்து சுவரில் தொங்கினால் நானே நம்பிவிட மாட்டேனா? என் கவனக்குறைவு என்று மச்சான் சொல்லிச் சொல்லி என் மனைவியே போன வாரம், "நீங்களும் கொஞ்சம் பாத்திருக்கலாம்" என்றாள். அட்டை செருகியது அவள் அண்ணன் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தாளைக் கசக்கி எறிந்தேன். "அக்கா, வேற தாள் குடுங்க."

பென்சிலில் எழுதி, வரி அடங்குகிறதா என்று பார்த்து, பிறகு பேனாவால் அட்டையில் ஏற்றினேன். நான்காவது வரியில் மணிக்கட்டு இழுத்துப் பிடித்தது. உதறிக்கொண்டு எழுதினேன். என் அம்மா என்னைக் கூப்பிடும் பேரிலேயே ஆரம்பித்தேன். உருவம் சிறிது, வெடிப்பது அதிகம் என்று அவள் வைத்த பேர்.

'கடுகு, சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறேன்.
வலப்பக்கப் பொத்தானில் மச்சான் அட்டை செருகினான்.
வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாய்.
என் தப்பு என்று எழுதினால் வேலை. எழுதவில்லை.
பயமாக இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
இது ஞாபகம் இருக்கிறதா, நீயும் மாற்றிச் சொல்கிறாயா?'

மேனேஜர் நின்றபடியே படித்தார். முகம் சுண்டிவிட்டது. "நல்லா இருய்யா" என்றார். "ஸ்டோர்ஸ மறந்துடு." தோளைத் தட்டாமல் போனார்.

மச்சான் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மறுபடி மறுபடி படித்தான்.

"மாப்ள, நானா ஆசப்பட்டு செருகினேன்? மேல இருந்து சொன்னாங்க. செருகலன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. தங்கச்சி இத படிச்சா என் மூஞ்சில முழிப்பாளா? மேலிடம் சொல்லித்தான் செஞ்சான்னு ஒரு வரி சேத்துடு."

"ஆறு வரி முடிஞ்சுது."

"கீழ எடம் இருக்கே."

"அது என் பதிலுக்கு." மிச்சமிருந்த வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினேன். பென்சிலையும் மேலே வைத்தேன். "மேல இருந்து யார் சொன்னாங்கன்னு நீ எழுது மச்சான். விசாரணைக்கு வர்றவர்கிட்ட குடு. உனக்குத்தான் அஞ்சு விரலும் இருக்கே."

அவன் பென்சிலைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் இருந்த தன் வலது கையை மெதுவாக எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டான்.