சிவப்பில் நின்ற வருமானம்

பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவி மறுபடியும் திரையைப் பார்த்தாள். பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் சார்ட் அது. சாதகமென்றால் பச்சை, பாதகமென்றால் சிவப்பு. இருப்பதிலேயே உயரமான பட்டை ரத்தச் சிவப்பாக நின்றது. காலையில் அந்த நிறத்தைப் பார்த்த வேகத்தில்தான் கீழே போய்ப் பட்டறை ஆட்களை வறுத்தெடுத்துவிட்டு வந்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் இயக்குநர் இவளை வறுப்பார்.

என்னதான் எகிறிப்போச்சு என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டையின் பெயரைப் படித்தாள். சர்வீஸ் வருமானம்.

கணக்குப் பிரிவுப் பையனைக் கூப்பிட்டாள். "ஏன்ப்பா, வருமானம் பட்ஜெட்டைத் தாண்டினா அது பாதகமா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ மேடம், தாண்டினாலே சிவப்புன்னு எல்லாத்துக்கும் ஒரே விதியைப் போட்டுட்டேன். அது செலவுக்குத்தான் சரி. வருமானத்துக்கு அப்படியே தலைகீழ்."

விதியைத் திருத்தினான். உயரமான பட்டை பச்சையானது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உதிரிபாகச் செலவு மட்டும் குட்டையாகச் சிவந்தே நின்றது.

"அது நிஜச் சிவப்பு, இருக்கட்டும். வேலை கூடினா பாகமும் கூடத்தானே செய்யும்? எனக்கு ஒண்ணு கலர்ல பிரிண்ட் போடு."

தாளோடு அவள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. மூத்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "என்ன மேடம், மிச்சத் திட்டா?"

"இல்லண்ணே," என்றாள். "இந்தத் தடவை நான் திட்டு வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."