முப்பது மீற்றர்

செவ்வகம் இழுப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒருநாள் மதுஷிகாவின் கதிரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாத்தளை நகரத்து அனர்த்த அலுவலகத்தில் கணினி வரைபடங்களைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். கிரிமெட்டித் தோட்டத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, குழு நாளைக்கே போகிறது, ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் ஏ-த்ரீ தாள் ஒன்று வேண்டும் என்று மண்சரிவு ஆராயும் அதிகாரி றினோஸ் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரே தாள்தான். மழையில் இரண்டை விரித்துப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை இல்லையாம்.

மலையையும் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்களையும் அடக்கி மதுஷிகா ஒரு செவ்வகம் இழுத்தாள். மென்பொருள் கேட்டதைக் கொடுத்தது. ஆனால் அளவுத்திட்டம் ஆயிரத்துக்கு ஒன்றாக இல்லாமல் ஆயிரத்து இருநூற்றைத் தாண்டியிருந்தது. அதை அழித்து ஆயிரம் என்று அடித்தாள். உடனே படம் பெருத்து, ஓரங்கள் தாளுக்கு வெளியே போயின. அது அப்படித்தான். இடத்தை நீ தீர்மானித்தால் அளவை அது தீர்மானிக்கும். அளவை நீ தீர்மானித்தால் தாளில் கொள்ளும் இடம் மட்டும்தான் மிஞ்சும். ஏ-த்ரீ தாளின் நீளம் நானூற்றிருபது மில்லிமீற்றர். அதில் நானூற்றிருபது மீற்றர் நிலத்துக்கு மேல் ஒரு முழம்கூட ஏறாது.

எதையாவது விட்டாக வேண்டும். வெடிப்பை விட முடியாது. ஆகவே படத்தைக் கீழே நகர்த்தி, அடியிலிருந்த கீழ் லயத்தைத் தாளுக்கு வெளியே விட்டாள். அவ்வளவு தூரம் மண் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டகத்தைத் தாளின் விளிம்புவரை இழுத்தாள். மூலையில் கிடந்த அளவுப்பட்டை, அதுதான் நூறு மீற்றர் இவ்வளவு நீளம் என்று காட்டும் கறுப்பு வெள்ளைக் கோடு, நடு லயத்தின் கடைசிக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, மறைத்தது. அதையும் தூக்கினாள். '1:1000' என்று எழுத்தில் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தாள். படத்தின் மேல் நூறு மீற்றருக்கு ஒன்றாகச் சிலுவைக் குறிகளை மட்டும் விட்டுவைத்து, பீடிஎப் ஆக எடுத்துக்கொண்டு றஹீம் நானாவின் பிரின்ட் கடைக்கு ஓடினாள்.

ஓரமெல்லாம் வெட்டுப்படுது என்று றஹீம் நானா திரையைக் காட்டினார். அவருடைய மெஷின் தாளின் விளிம்புவரை அடிக்காது. "தாளுக்குள்ள பொருத்திவிடட்டா மகள்?" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் குழு தோட்டத்துக்குப் போனது. வெடிப்புக்கு முப்பது மீற்றருக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் புது இடத்தில் வீடு. அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. அதுதான் குழு போட்ட விதி. றினோஸ் வெடிப்பைத் தாளில் சிவப்புப் பேனையால் வரைந்தார். அடிமட்டத்தை வைத்தவள் மதுஷிகா. நடு லயத்தின் கடைசிக் காம்பரா இருபத்தொன்பதரை மில்லிமீற்றர் காட்டியது. உள்ளேதான்.

அந்தக் காம்பரா கொழுந்து பறிக்கும் அருள்மணியுடையது. சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல், அதில் பழைய சேலையைத் திணித்து வைத்திருந்தாள். வீடு கிடைத்துவிட்டதா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்று மதுஷிகாதான் சொன்னாள். அருள்மணி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தாளை எட்டிப் பார்த்தாள்.

"கீழ் லயம் இதுல இல்லையா புள்ள? மக பிரின்ஸிய அங்கதான் கட்டிக் குடுத்துருக்கேன்."

"அங்கெல்லாம் மண்ணு வராதுக்கா," என்றாள் மதுஷிகா.

அலுவலகத்துக்கு வந்து தாளை ஸ்கேன் செய்து, சிலுவைக் குறிகளைப் பிடித்து வரைபடத்தில் அவற்றுக்குரிய இடங்களில் உட்காரவைத்தாள். வெடிப்பின் மேல் கோடு வரைந்து, அருள்மணியின் சுவர்வரை அளந்தாள். முப்பதரை மீற்றர்.

இன்னொரு தடவை அளந்தாள். அதே முப்பதரை. தாளை எடுத்து அடிமட்டத்தைச் சிலுவையிலிருந்து சிலுவைக்கு வைத்தாள். நூறு மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறரைதான் இருந்தது. றஹீம் நானாவின் மெஷின் படத்தைப் பொருத்தவில்லை, சுருக்கியிருந்தது. '1:1000' என்ற எழுத்தோ அசையாமல் பச்சைப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அளவுப்பட்டை இருந்திருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும்; அடிமட்டத்தை அதன் மேல் வைத்த மாத்திரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அதைத்தானே அவள் தூக்கினாள்! அதுவும் அந்தக் காம்பராவைக் காட்டுவதற்காக.

ஒரு வழி இருந்தது. சிவப்புப் பேனைக் கோடு ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. நிலத்தில் அது ஒன்றரை மீற்றர். கோட்டின் நடுவே வரையாமல் கீழ் விளிம்பை ஒட்டி வரைந்தால் அருள்மணி உள்ளே வந்துவிடுவாள், கேட்க ஆளில்லை. சுட்டியைக் கொண்டுபோய் அந்த விளிம்பில் வைத்தாள். சரி, அந்த அக்காவுக்காக வரையலாம். அடுத்த தோட்டத்தில் ஒருத்தி அரை மீற்றரில் வெளியே நின்றால், அவளுக்கு எந்த விளிம்பு? சுட்டியை விட்டுவிட்டு றினோஸுக்குப் போன் எடுத்தாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தாளை நம்பி இனிக் கதை இல்லை, காலையில் டேப் பிடித்து நிலத்திலேயே அளப்போம், கையில் இருப்பது அந்தத் தாள்தானே, அதையும் கொண்டுவாங்க என்றார். இரவு முழுக்க மழை கொட்டியது. டேப் முப்பதுக்குள் காட்ட வேண்டும் என்று மதுஷிகா வேண்டாத கடவுள் இல்லை.

விடிந்ததும் போனார்கள். டேப்பின் ஒரு முனையை அருள்மணியே தன் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எதற்கு மறுபடியும் அளக்கிறார்கள் என்று மதுஷிகா சொல்லியிருந்தாள். அருள்மணி டேப்பை இன்னும் இறுக்கமாகப் பிடித்தாள். மற்ற முனையோடு மேலே ஏறிய றினோஸ் நடுவழியிலேயே நின்றுவிட்டார்.

"இருபத்திரெண்டு," என்று அங்கிருந்து சொன்னார்.

மதுஷிகாவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஒரே கணம்தான். பழைய வெடிப்பு இன்னும் மேலே இருந்தது. றினோஸின் காலடியில் இருந்தது நேற்று இல்லாத புது வெடிப்பு. கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கேட்டது மலையை இறங்கி வரச் சொல்லித்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

றினோஸ் தாளை விரித்துப் புது வெடிப்பை வரையத் தொடங்கினார். அது லயத்துக்குக் குறுக்கே போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, கடைசிக் காம்பராவைத் தாண்டி, சரிவோடு சரிவாக இறங்கியது. பேனையும் இறங்கியது. இறங்கி, தாளின் விளிம்பில் வந்து நின்றது.

"இதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்றார்.

அங்கே என்ன இருக்கிறது என்று மதுஷிகாவைவிடத் தெரிந்தவர் யார்? திரையில் பார்த்து, தன் கையாலேயே நகர்த்திவிட்ட இடம் அது.

அருள்மணி தாளையும் பார்த்தாள், மதுஷிகாவின் முகத்தையும் பார்த்தாள். தனக்கு வீடு உண்டா இல்லையா என்று கேட்கவே இல்லை. டேப்பைக் கீழே போட்டுவிட்டு, மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கீழ் லயத்தை நோக்கி ஓடினாள். பின்னாலேயே மதுஷிகாவும் ஓடினாள்.